ஏட்டில் இலாபம் 3,60,000, வரித்தாளில் 6,00,500: இந்த வேறுபாடு சரிதானா?

புதுவணிகர், ஏப்ரல் 2, காலை

தனி ஒருவனாகச் சில்லறை வணிகம் நடத்துகிறேன். இது இரண்டாம் ஆண்டு. நானே எழுதிய இலாப நட்டக் கணக்கில் நிகர இலாபம் 3,60,000 என்று வந்தது. கணக்காளர் திருப்பி அனுப்பிய தாளில் வரிக்குரிய இலாபம் 6,00,500 என்று உள்ளது. விற்பனையில் அவர் ஒரு எண்ணையும் மாற்றவில்லை. நான் செய்யாத செலவு எதையும் எழுதவில்லை; எல்லாவற்றுக்கும் சீட்டு இருக்கிறது. உண்மையாகவே கையை விட்டுப் போன பணத்தைச் செலவு இல்லை என்று ஒருவர் எப்படிச் சொல்ல முடியும்? கணக்காளர் வெளியூர் சென்றிருக்கிறார், திரும்பப் பத்து நாள் ஆகும். அதற்குள் எனக்குப் புரிய வேண்டும்.

ரசீதுப்பெட்டி, ஏப்ரல் 2, பிற்பகல்

சீட்டு இருந்தால் செலவு செல்லும், இல்லையென்றால் செல்லாது, இவ்வளவுதான் விதி. நான் பதினோரு ஆண்டுகளாக ஒரு துண்டுச் சீட்டைக்கூட எறிந்ததில்லை. உங்கள் கணக்காளர் தேவைக்கு மேல் அஞ்சுகிறவர் என்று தோன்றுகிறது. வேறு ஒருவரைப் பாருங்கள்.

பேரேட்டுக்காரர், ஏப்ரல் 2, இரவு

ரசீதுப்பெட்டி சொல்வதில் பாதி சரி. சீட்டு இல்லாத செலவை நிலைநாட்டுவது கடினம் என்பது உண்மை. ஆனால் சீட்டு ஒன்றைத்தான் சொல்லும்: இந்த நாளில், இவருக்கு, இவ்வளவு பணம் கொடுக்கப்பட்டது. எதற்காகக் கொடுக்கப்பட்டது என்பதை அது பெரும்பாலும் சொல்வதில்லை. வரி கேட்பதோ அந்த ‘எதற்காக’ என்பதைத்தான்.

இருபத்தாறு ஆண்டுகள் சிறு வணிகர்களின் பேரேடுகளை எழுதியவன் என்ற முறையில் கேட்கிறேன். ‘பழுதுபார்ப்பு’, ‘வாகனம்’, ‘சம்பளம்’, ‘வாராக்கடன்’, ‘தேய்மானம்’ என்ற ஐந்து தலைப்புகளிலும் என்னென்ன இருக்கின்றன என்று பிரித்து எழுதுங்கள். மொத்தத் தொகை வேண்டாம், உள்ளே இருப்பது வேண்டும். சிக்கல் பெரும்பாலும் இந்த ஐந்துக்குள்தான் ஒளிந்திருக்கும். வாடகையிலும் மின்கட்டணத்திலும் யாரும் இவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்க முடியாது.

நடுத்தெரு, ஏப்ரல் 3

வேறுபாடு விற்பனை வரியால் வந்திருக்கும். வாங்கும்போது கட்டிய வரியைத் திரும்பப் பெற்றுவிட்டுச் செலவிலும் எழுதியிருப்பீர்கள். எனக்கும் இப்படி ஆனது, ஒரு வருடம் அலைந்தேன்.

பேரேட்டுக்காரர், ஏப்ரல் 3

நடுத்தெரு, கேள்வி இலாபத்தின் மீதான வரியைப் பற்றியது. நீங்கள் சொல்லும் தவறு நடப்பதுண்டு, ஆனால் அதற்கான அடையாளம் இங்கே இல்லை. அவர் ஐந்து தலைப்புகளையும் தரட்டும்.

புதுவணிகர், ஏப்ரல் 4

தருகிறேன்.

சம்பளத்தில் உதவியாளருடையது தவிர, நான் மாதம் 10,000 வீதம் எடுத்துக்கொண்ட என் சம்பளம் 1,20,000. தேய்மானம் 40,000, இது ஆண்டின் தொடக்கத்தில் 2,00,000 கொடுத்து வாங்கிய பழைய சரக்கு வண்டிக்கு 20 விழுக்காடு. பழுதுபார்ப்பில் அந்த வண்டியின் இயந்திரத்தைப் பிரித்துக் கட்டிய செலவு 50,000, ஏழு மாதம் கழித்து மாற்றிய டயர்கள் 10,000. வாகனச் செலவில் எரிபொருளும் காப்பீடும் சேர்த்து 72,000. நான்கில் ஒரு பங்கு ஓட்டம் குடும்பத்துக்கானது என்று கணக்காளரிடம் நானே சொன்னேன். வாராக்கடன் தலைப்பில் மொத்தம் 35,000. அதில் கடையை மூடிவிட்டுப் போன ஒரு வாடிக்கையாளர் தரவேண்டிய 9,000, உறவினருக்குக் கைமாற்றாகக் கொடுத்துத் திரும்பாத 6,000, மீதி 20,000 ஐயக்கடன் ஒதுக்கு. ஒதுக்கு சென்ற ஆண்டு 20,000 ஆக இருந்தது, இந்த ஆண்டு 40,000 ஆக்கினேன்.

பேரேட்டுக்காரர், ஏப்ரல் 4, இரவு

இப்போது பேசலாம். 3,60,000 இலிருந்து தொடங்கி, செல்லாதவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

உங்கள் சம்பளம் 1,20,000 முழுவதும் திரும்பும். தனி வணிகத்தில் நீங்களும் கடையும் சட்டத்தின் கண்ணில் ஒருவரே. ஒருவர் தமக்குத் தாமே கூலி கொடுக்க முடியாது. நீங்கள் எடுத்தது இலாபத்தின் ஒரு பகுதி, அதாவது எடுப்பு. சம்பளம் என்று பெயர் எழுதியதால் அது செலவாகிவிடாது. நிறுமமாகப் பதிவு செய்திருந்தால் கதை வேறு. இப்போது 4,80,000.

தேய்மானம் 40,000 திரும்பும். வண்டி தேயவில்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் எந்த வீதத்தில் தேய்ந்தது என்பதை ஒவ்வொரு வணிகரும் தாமே முடிவு செய்தால், இலாபத்தையும் அவரவரே முடிவு செய்ததாகிவிடும். ஆகவே உங்கள் எண்ணை நீக்கிவிட்டுச் சட்டம் தன் வீதத்தில் ஒரு கழிவைத் தரும். அதைக் கடைசியில் கழிப்போம். 5,20,000.

இயந்திரச் செலவு 50,000 திரும்பும். இதற்கு நீங்கள் சண்டைக்கு வருவீர்கள் என்று தெரியும், தனியாக எழுதுகிறேன். 5,70,000. வாகனச் செலவில் நான்கில் ஒரு பங்கு 18,000. 5,88,000.

வாராக்கடனைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மூடிப்போன வாடிக்கையாளரின் 9,000 செல்லும், ஏனென்றால் அவருக்கு விற்றபோது அந்தத் தொகை உங்கள் விற்பனையில் ஏறி இலாபமாகியிருக்கிறது. வராதபோது அது இறங்குவதுதான் நியாயம். உறவினருக்குக் கொடுத்த 6,000 எந்த நாளும் விற்பனையில் ஏறியதில்லை, எனவே இறங்கவும் இடமில்லை. ஒதுக்கில் கூட்டிய 20,000, யாரோ சிலர் தராமல் போகலாம் என்ற பொதுவான அச்சத்தின் விலை. யார், எவ்வளவு, ஏன் என்று பெயர் சொல்ல முடியாத ஒதுக்கைப் பல நாட்டுச் சட்டங்களும் ஏற்பதில்லை. ஆக 26,000 திரும்புகிறது. 6,14,000.

கணக்காளரின் தாளில் வண்டிக்கான சட்டக் கழிவு வீதம் எவ்வளவு?

புதுவணிகர், ஏப்ரல் 5

அதுவும் 20 விழுக்காடுதான். வண்டியின் மதிப்பை 2,50,000 என்று போட்டிருக்கிறார்.

பேரேட்டுக்காரர், ஏப்ரல் 5

2,50,000 இல் 20 விழுக்காடு 50,000. 6,14,000 இல் கழித்தால் 5,64,000.

புதுவணிகர், ஏப்ரல் 5, மாலை

கணக்காளர் சொன்னது 6,00,500. இன்னும் 36,500 இடிக்கிறதே. இருக்கட்டும், முதலில் இயந்திரத்தைப் பற்றிச் சொல்லுங்கள். பழுதான ஒன்றைச் சரிசெய்தால் அது பழுதுபார்ப்பு. புதிய வண்டி வாங்கவில்லை, வண்டியைப் பெரிதாக்கவும் இல்லை, பழைய நிலைக்குத்தான் கொண்டுவந்தேன். டயரை விட்டுவிட்டு இயந்திரத்தை மட்டும் பிடித்ததன் பொருள் என்ன? தொகை பெரியது என்பதாலா?

பேரேட்டுக்காரர், ஏப்ரல் 6

தொகைக்கும் இதற்கும் தொடர்பில்லை. இரண்டு கேள்விகளுக்கு விடை சொல்லுங்கள். வாங்கிய அன்று வண்டி ஓடியதா? ஓடும் நிலையில் இருந்திருந்தால் அதே வண்டி என்ன விலைக்குப் போயிருக்கும்?

புதுவணிகர், ஏப்ரல் 6

ஓடவில்லை. இழுத்துக்கொண்டுதான் வந்தோம். ஓடும் வண்டி என்றால் 2,60,000 வரை கேட்பார்கள். இயந்திரம் போனதால்தான் 2,00,000 க்குக் கிடைத்தது.

பேரேட்டுக்காரர், ஏப்ரல் 6, இரவு

உங்கள் வழக்கை நீங்களே முடித்துவிட்டீர்கள்.

பிரிட்டனில் 1920களில் ஒரு கப்பல் நிறுவனத்தின் வழக்கு நடந்தது. வரிச் சட்டம் படிப்பவர்கள் அதை லா ஷிப்பிங் வழக்கு என்பார்கள். உரிய ஆய்வும் பழுதும் தள்ளிப்போடப்பட்டிருந்த பழைய கப்பலை வாங்கினார்கள், உடனே ஒரு பயணம் அனுப்பினார்கள், திரும்பி வந்ததும் பெரும்பணம் செலவழித்துப் பழுது பார்த்தார்கள். அந்தச் செலவின் பெரும்பகுதி முந்தைய உரிமையாளர் காலத்துத் தேய்வுக்கானது. கப்பலின் விலை குறைந்ததும் அதனால்தான். ஆகவே அந்தப் பகுதி கப்பலை வாங்கிய செலவோடு சேர்ந்தது என்று தீர்ப்பாயிற்று. தங்கள் கையில் இருந்தபோது ஏற்பட்ட தேய்வுக்கான பகுதி மட்டும் பழுதுபார்ப்பாக ஏற்கப்பட்டது.

உங்கள் வண்டியும் அப்படியே. 2,00,000 விற்றவருக்கு, 50,000 பட்டறைக்கு. இரண்டும் சேர்ந்துதான் ஓடும் வண்டி ஒன்றை உங்களுக்குத் தந்தன. ‘பழைய நிலைக்குக் கொண்டுவந்தேன்’ என்கிறீர்கள், ஆனால் உங்கள் கையில் அதற்கு அந்தப் பழைய நிலை ஒருநாளும் இருந்ததில்லை. அதனால்தான் கணக்காளர் மதிப்பை 2,50,000 என்று போட்டார். அந்த 50,000 தொலைந்து போகவில்லை; ஒரே ஆண்டில் கழியாமல் சட்டக் கழிவாக ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும்.

டயர்கள் ஏழு மாதம் உங்கள் சரக்கைச் சுமந்து தேய்ந்தவை. அவை செல்லும்.

ரசீதுப்பெட்டி, ஏப்ரல் 7

அப்படியானால் பழைய பொருள் வாங்கியவன் முதல் ஆண்டில் ஆணி அடித்தாலும் மூலதனச் செலவு என்பீர்களா? நான் மூன்று முறை பழைய குளிர்பதனப் பெட்டி வாங்கிச் சரிசெய்து, செலவில் எழுதியிருக்கிறேன். யாரும் கேட்கவில்லை.

பேரேட்டுக்காரர், ஏப்ரல் 7

யாரும் கேட்காதது வேறு, கேட்டால் நிற்பது வேறு. ஆனால் உங்கள் முதல் வினா நல்ல வினா. 1970களின் தொடக்கத்தில் அதே பிரிட்டனில் ஓடியன் திரையரங்குகளின் வழக்கில் எதிர்த்திசையில் தீர்ப்பு வந்தது. போர்க்காலத்தில் பழுது பார்க்காமல் விடப்பட்டிருந்த அரங்குகளை வாங்கி, பின்னர் அந்தப் பழுதுகளைச் சரிசெய்தார்கள். செலவு ஏற்கப்பட்டது. வாங்கிய அன்றே அரங்குகளில் படம் ஓட்ட முடிந்தது, பழுதுகளால் விலையும் குறையவில்லை. எனவே வாங்கிய பிறகு எத்தனை நாளில் செலவு செய்தீர்கள் என்பதைவிட, அந்தச் செலவு இல்லாமல் பொருள் வேலைக்கு உதவியதா, விலை அதனால் குறைந்ததா என்பவைதான் எடைபோடப்படும். உங்கள் பெட்டிகள் குளிர்ந்தனவா, இல்லையா?

ரசீதுப்பெட்டி, ஏப்ரல் 7

இரண்டு குளிர்ந்தன. மூன்றாவதைப் பற்றி நான் பேச விரும்பவில்லை.

பேரேட்டுக்காரர், ஏப்ரல் 8, அதிகாலை

தூக்கம் வராமல் என் கணக்கை மீண்டும் பார்த்தேன். 5 ஆம் தேதி எழுதியதில் தவறு என்னுடையது. எரிபொருளில் நான்கில் ஒரு பங்கைக் குடும்பத்துக்கு ஒதுக்கிய நான், வண்டியின் சட்டக் கழிவை மட்டும் முழுதாகக் கொடுத்துவிட்டேன். குடும்பத்துக்காக ஓடும்போது எரிபொருள் மட்டுமா எரிகிறது, வண்டியும்தானே தேய்கிறது? கழிவு 50,000 இல் நான்கில் மூன்று பங்கு, அதாவது 37,500 மட்டுமே வணிகத்துக்குரியது. 6,14,000 இல் 37,500 போனால் 5,76,500.

டயர் 10,000 இலும் இதே பங்கை எடுக்கலாமே என்று ஒருவர் கேட்டால், தர்க்கப்படி அவர் சொல்வதே சரி; 2,500 திரும்ப வேண்டும். உங்கள் கணக்காளர் எடுத்தாரா என்பது வேறுபாடு முழுதும் தீர்ந்த பிறகுதான் தெரியும். இப்போது இடிப்பது 24,000.

புதுவணிகர், ஏப்ரல் 8

நான்கில் ஒரு பங்கு என்பது நான் குத்துமதிப்பாகச் சொன்னது. அதைவிடக் குறைவாகச் சொல்லியிருக்கலாமோ?

பேரேட்டுக்காரர், ஏப்ரல் 8

சொல்லியிருக்கலாம்; பிறகு அதற்கான ஆதாரத்தைத் தேடிக்கொண்டும் இருந்திருக்கலாம். வண்டியில் ஒரு சிறு ஏட்டை வைத்து, புறப்படும்போதும் திரும்பும்போதும் ஓட்டமானியின் எண்ணையும் போன காரணத்தையும் எழுதுங்கள். என் வாடிக்கையாளர் ஒருவர் ஆண்டு முழுவதற்குமான ஏட்டை ஒரே இரவில், ஒரே பேனாவால், ஒரே கையெழுத்துச் சாய்வில் எழுதிக் கொண்டுவந்தார். அதில் ஒரு நாள், வண்டி பட்டறையில் கிடந்த நாள், 80 கிலோமீட்டர் ஓடியிருந்தது. பட்டறைச் சீட்டும் அதே கோப்பில்தான் இருந்தது. சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருக்கும் பழக்கம் அவரைக் காட்டிக்கொடுத்தது, ரசீதுப்பெட்டி கவனிக்க.

கத்தரிக்கோல், ஏப்ரல் 9

இடையில் என் வழக்கையும் சொல்கிறேன். ஆடை விற்கிறேன். நான் அழுக்குச் சட்டையோடு நின்றால் யார் வாங்குவார்கள்? கடைக்கென்றே தனியாக ஆடை வாங்குகிறேன், வீட்டில் அணிவதே இல்லை. வண்டியைப் போல இதிலும் ஒரு பங்கு, பாதியாவது, செல்லும்தானே?

பேரேட்டுக்காரர், ஏப்ரல் 9

செல்லாது என்றுதான், அன்று பிரிட்டனின் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1983 இல் சொன்னது. ஆன் மல்லாலியூ என்ற வழக்கறிஞர் நீதிமன்றத்துக்கென்று கறுப்பு ஆடைகள் வாங்கினார்; வேறு எங்கும் அணிய அவருக்கு விருப்பமும் இல்லை. ஆனாலும் ஆடை என்பது உடலை மறைக்கவும் குளிர் தாங்கவும் உதவுகிறது, அந்த நோக்கம் அவர் மனத்தில் இல்லாவிட்டாலும் செயலில் இருக்கிறது என்று பிரபுக்கள் சபை மறுத்துவிட்டது. வண்டி ஒரு கிலோமீட்டர் ஓடினால் அது கடைக்கா, வீட்டுக்கா என்று பிரிக்கலாம். சட்டையோ ஒரே நேரத்தில் இரண்டு வேலையையும் செய்கிறது; எந்த நூல் வணிகத்துக்கு, எந்த நூல் மானத்துக்கு என்று பிரிக்க வழியில்லை. கடைப்பெயர் பொறித்த சீருடை, காப்புக் கையுறை போன்றவை வேறு. சொந்தக் கருத்தைக் கேட்டால், அந்தத் தீர்ப்பு வழக்கறிஞருக்குக் கொஞ்சம் கடுமையானது.

கத்தரிக்கோல், ஏப்ரல் 9

எனக்கும் கடுமையானதுதான்.

புதுவணிகர், ஏப்ரல் 10

24,000 கிடைத்துவிட்டது! கணக்காளர் தொலைபேசியில் ஒருமுறை, கடைச் சரக்கில் வீட்டுக்கு எவ்வளவு எடுத்தீர்கள் என்று கேட்டார். கொள்முதல் விலையில் 18,000 இருக்கும், விற்றிருந்தால் 24,000 வரும் என்றேன். அதை எந்தத் தலைப்பிலும் நான் எழுதாததால் இங்கே சொல்ல மறந்துவிட்டேன். அவர் 24,000 ஐயே கூட்டியிருக்கிறார். டயரில் கைவைக்கவில்லை.

ஆனால் இது சரியா? 18,000 ஐக் கூட்டுவது புரிகிறது, அது என் கொள்முதலில் இருக்கிறது, வீட்டுச் செலவு. மேலே உள்ள 6,000 யாரிடமிருந்து நான் சம்பாதித்தது? என் மனைவியிடமிருந்தா?

பேரேட்டுக்காரர், ஏப்ரல் 10, இரவு

இந்தக் கேள்விக்கு இரண்டு பெரிய நீதிமன்றங்கள் இரண்டு விடை சொல்லியிருக்கின்றன.

இந்திய உச்ச நீதிமன்றம் 1953 இல், சர் கிகாபாய் பிரேம்சந்த் வழக்கில் உங்கள் பக்கம் நின்றது. வெள்ளியும் பங்குகளும் வாங்கி விற்ற அவர், சிலவற்றை வணிகத்திலிருந்து எடுத்து அறக்கட்டளைக்கு மாற்றி, வாங்கிய விலையிலேயே கணக்கெழுதினார். சந்தை விலை வேண்டும் என்றது வரித்துறை. ஒருவர் தம்மோடு தாமே வணிகம் செய்து இலாபம் பெற முடியாது என்று பெரும்பான்மை நீதிபதிகள் கூறினர். இரண்டே ஆண்டில், 1955 இல், பிரிட்டனின் பிரபுக்கள் சபை ஷார்க்கி எதிர் வெர்னர் வழக்கில், இனப்பெருக்கப் பண்ணையிலிருந்து சொந்தப் பந்தய லாயத்துக்கு மாற்றிய குதிரைகளைச் சந்தை விலையில்தான் எழுத வேண்டும் என்றது.

ஆகவே உங்கள் 6,000 எந்தச் சட்டத்தின் கீழ் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. முதல் வழியில் வரிக்குரிய இலாபம் 5,94,500, இரண்டாவதில் 6,00,500. கணக்காளர் இரண்டாம் வழியைப் பிடித்திருக்கிறார். எந்த விதியின்படி என்று கேளுங்கள், அது கேட்க வேண்டிய கேள்விதான்.

ரசீதுப்பெட்டி, ஏப்ரல் 11

வீட்டுக்கு எடுத்ததற்குச் சீட்டே இல்லையே, அவர் ஏன் வாயைத் திறந்து சொன்னார்?

பேரேட்டுக்காரர், ஏப்ரல் 11

சொல்லாவிட்டாலும் தெரியும். வாங்கிய சரக்குக்கும் விற்பனைக்கும் இருப்புக்கும் இடையில் மொத்த இலாப விகிதம் சரியும். ஒத்த கடைகளைவிடக் குறைவாக இருந்தால் அலுவலர் முதலில் கேட்பதே இதைத்தான்.

பேரேட்டுக்காரர், ஏப்ரல் 13

ஒன்று விட்டுப்போனது, அதனால் நானே ஒருமுறை அடிபட்டிருக்கிறேன். புதுவணிகர் கூட்டிய ஒதுக்கு 20,000 க்கு இந்த ஆண்டு வரி கட்டப்போகிறார். அடுத்த ஆண்டு ஒதுக்கை 40,000 இலிருந்து 25,000 ஆகக் குறைத்தால், 15,000 இலாப நட்டக் கணக்கில் வரவாக வந்து நிற்கும். அதை வரித்தாளில் கழிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரே தொகைக்கு இரண்டு முறை வரி. தொழிலுக்கு வந்த மூன்றாம் ஆண்டில் ஒரு வாடிக்கையாளருக்கு நான் கழிக்க மறந்தேன். அவர் கண்டுபிடிக்கவில்லை, இரண்டு ஆண்டு கழித்து நானே கண்டுபிடித்துத் திருத்த விண்ணப்பம் கொடுத்தேன். காலக்கெடு தாண்டிவிட்டது என்றார்கள். வித்தியாசத்தை என் கட்டணத்தில் கழித்துக்கொண்டேன்.

புதுவணிகர், ஏப்ரல் 14

கணக்காளர் வந்துவிட்டார். 6,000 ஐப் பற்றிக் கேட்டேன், விதியைப் பார்த்துச் சொல்வதாகக் கூறினார். டயரைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

பேரேட்டுக்காரர், ஏப்ரல் 14

திறந்துவிடுங்கள். 2,500 தான். வண்டி ஏட்டை இன்றே தொடங்குங்கள்.